நான்கு பக்க நிலவரத்தை ஒரு மொபைல் திரைக்குள் அடக்கிய விதம்

வெள்ளிக்கிழமை மாலை 4.10-க்கு நிர்வாக இயக்குநருக்குத் திட்டத்தின் வார அறிக்கை போனது. 4.50-க்குப் பதில் வந்தது: "ரெண்டு பேரையும் திங்கள்ல இருந்து எடுத்துக்கோங்க. கூடுதல் 4,800 ஓகே." இதே வேண்டுகோள் முந்தைய வாரம் அனுப்பிய நிலவரத்திலும் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், கோடவுன் வைஃபை பற்றிய பத்தியின் நடுவில் கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு வாரம் அப்படியே வீணாகப் போனது.

வேலை இதுதான். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம், பழைய பில்லிங் மென்பொருளை விட்டு, இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் ஈ.ஆர்.பி மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தது. தொடக்க நாள் 2025 ஏப்ரல் 1. நிதியாண்டின் முதல் நாள் என்பதால் இதைத் தள்ளிப்போடுவது எளிதல்ல. தள்ளினால் நடு ஆண்டில் இருப்பையும் கணக்கையும் பிரித்து ஏற்ற வேண்டிவரும். திட்டத்தின் ஸ்பான்சர், அதாவது பணத்துக்கும் ஆளுக்கும் கையெழுத்துப் போடுகிறவர், நிர்வாக இயக்குநர். அவர் எதையும் மொபைலில்தான் படிக்கிறார், பெரும்பாலும் காரில் போகும்போது. அறிக்கை எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதை அந்தத் திரைதான் தீர்மானித்தது.

கையில் இருந்த கச்சாப் பொருள்

வியாழக்கிழமை கூட்டத்தில் நான்கு பிரிவுக்காரர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தால் நான்கு பக்கம், 74 வாக்கியம். அதில் ஒரு துண்டு, ஐட்டம் மாஸ்டர் எனப்படும் பொருள் பட்டியலில் தொடங்குகிறது:

> "ஐட்டம் மாஸ்டர் நல்லா போயிட்டிருக்கு, கிட்டத்தட்ட 66 சதவீதம் முடிஞ்சிடுச்சு. அக்கவுண்ட்ஸ்ல ஆள் தர மாட்டேங்கிறாங்க, அதான் கொஞ்சம் லேட். கிலோ, நம்பர் குழப்பம் இன்னும் இருக்கு, ஸ்டோர் ஆளுங்க வந்து உட்கார்ந்தா சீக்கிரம் முடியும். இ-இன்வாய்ஸ் டெஸ்ட் ஓகே. ரெண்டாவது கோடவுன்ல வைஃபை வரவே மாட்டேங்குது. கன்சல்டன்ட் மாறப்போறார்னு சொல்றாங்க. சேல்ஸ்ல ரிப்போர்ட்ல இன்னும் ரெண்டு நெடுவரிசை கேட்கிறாங்க…"

எதுவும் பொய்யில்லை. ஆனால் வேலை செய்கிறவர் பார்க்கும் வரிசையில் இருக்கிறது. எந்தப் பிரிவு என்ன செய்தது என்பது அவர்களுக்கு முக்கியம். ஸ்பான்சருக்கு வேண்டியது வேறு: நாள் நிற்கிறதா, பணம் நிற்கிறதா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா, எப்போதுக்குள்?

முதல் தவறு: வாக்கியம் வாக்கியமாகச் சுருக்கியது

முதலில் ஒவ்வொரு பத்தியையும் பாதியாக்கினோம். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. படிக்க நன்றாகவும் இருந்தது. ஆனால் வரிசை மாறவில்லை. ஐட்டம் மாஸ்டர், இ-இன்வாய்ஸ், வைஃபை, பயிற்சி எல்லாம் ஒரே எடையில் நின்றன. ஆள் வேண்டும் என்ற செய்தி 'ஸ்டோர் ஆதரவு கிடைத்தால் வேகம் கூடும்' என்று மாறியிருந்தது. சுருக்கும்போது முதலில் மழுங்குவது வேண்டுகோள்தான். எத்தனை பேர், எத்தனை நாள், யார் தர வேண்டும் என்ற விவரமெல்லாம் உதிர்ந்து, நல்வாக்கு மட்டும் மிஞ்சியது. இந்த வடிவத்துக்கு ஒரு மணி நேரம் செலவானது. மொத்தமாகத் தூக்கிப்போட்டோம்.

இரண்டாவது சுற்று: பென்சிலால் குறியிடுதல்

நான்கு பக்கத்தையும் அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்து போட்டோம். திட்டத் தேதியைத் தொடும் வாக்கியத்துக்கு 'தே', பணத்தைத் தொட்டால் 'ப', யாராவது முடிவெடுக்க வேண்டியதாக இருந்தால் 'மு', இன்னும் நடக்காத ஆனால் நடக்கக்கூடிய சிக்கலுக்கு 'ஆ'. நான்கிலும் சேராததற்கு ஒரு கோடு. பக்கத்தில் இரண்டு தாள் இருந்தே ஆக வேண்டும்: ஒப்புதல் பெற்ற திட்ட அட்டவணை, சென்ற வார அறிக்கை. அட்டவணை பக்கத்தில் இல்லாவிட்டால் எதைத் 'தே' என்று குறிப்பது என்பதே தெரியாது, ஏனென்றால் கூட்டத்தில் யாரும் திட்டத் தேதியைச் சொல்வதில்லை.

74-ல் 'தே' 9, 'ப' 4, 'மு' 3, 'ஆ' 6. மீதி 52 வாக்கியம் கோடு. அந்த 52-ஐ எறியவில்லை, திட்ட மேலாளரின் பதிவுக் கோப்பில் தேதியோடு ஒட்டி வைத்தோம். வைஃபை விஷயம் மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதிகமாகப் பேசப்பட்டதாலேயே அது பெரிய பிரச்சினையாகத் தோன்றியிருந்தது.

முதலில் 'மு' மூன்றையும் எடுத்தோம். விற்பனை ரிப்போர்ட்டில் இரண்டு நெடுவரிசை சேர்ப்பது, கோடவுனுக்கு ரூ.7,500-க்கு ஒரு வைஃபை அக்சஸ் பாயின்ட் வாங்குவது, ஸ்டோரிலிருந்து ஆள் எடுப்பது. முதல் இரண்டும் திட்ட மேலாளரே முடிக்கக்கூடியவை, செலவும் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. மூன்றாவது மட்டுமே அவர் கைக்கு மீறியது, ஏனென்றால் ஸ்டோர் வேறொருவரின் பொறுப்பு. ஆக, ஸ்பான்சருக்கு ஒரே கேள்வி. மூன்றையும் அனுப்பியிருந்தால் அவர் எளிதான வைஃபைக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருப்பார்.

சதவீதத்தைத் தேதியாக மாற்றுதல்

அதிக நேரம் பிடித்ததும் அதிகப் பலன் கொடுத்ததும் இந்தக் கட்டம்தான். '66 சதவீதம் முடிந்தது' என்ற வரியை வைத்து யாராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதை உடைக்க மூன்று எண் வேண்டும்: மொத்தம், முடிந்தது, ஒரு நாளின் வேகம்.

மொத்தம் 6,400 பொருள். பிப்ரவரி 27 வியாழன் மாலை வரை முடிந்தது 4,200. இந்த எண்ணை வாயால் கேட்கக் கூடாது. சரிபார்த்ததாக மென்பொருளில் குறியிட்ட வரிகளை வடிகட்டி எண்ண வேண்டும். அப்படி எண்ணியபோது கூட்டத்தில் சொன்னது ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ஆனால் வேகத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. தினசரி எண்ணிக்கையைப் பார்த்தால் நாளுக்கு 100. காரணமும் தெளிவாகவே இருந்தது. இந்த வேலைக்கு இரண்டு பேர் ஒதுக்கியிருந்தார்கள், அதில் ஒருவர் ஆண்டு இறுதித் தணிக்கை வேலைக்குப் போய்விட்டார். மிஞ்சியவர் ஒவ்வொரு பொருளுக்கும் அலகு, ஜி.எஸ்.டி-க்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என் எண், வரி விகிதம் மூன்றையும் பார்க்கிறார். பழைய மென்பொருளில் பல பம்ப் பாகங்களுக்கு 8413 என்று நாலு இலக்கம் மட்டும் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் பில்லில் ஆறு இலக்கம் போட வேண்டும், அதாவது பாகம் என்றால் 841391. ரப்பர் கேஸ்கெட் 8413-க்குள் வராது, 401693. கேஸ்கெட் ஷீட் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் போகிறது. இப்படிச் சந்தேகம் வரும் ஒவ்வொன்றுக்கும் அவர் ஸ்டோருக்கு நடந்து போய்க் கேட்டு வருகிறார். பாதி நாள் நடையிலேயே போகிறது.

மீதி 2,200-ஐ 100-ஆல் வகுத்தால் 22 வேலை நாள். ஞாயிறு விடுமுறை கழித்து, பிப்ரவரி 28-லிருந்து நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினால் மார்ச் 25. திட்டத்தில் இருப்பது மார்ச் 14. அதன் பிறகு 17 முதல் 28 வரை இரண்டு வாரம் பயனர் சோதனை, 29 முதல் 31 வரை இருப்பை எண்ணி ஏற்றுவது. பட்டியல் 25-ல் முடிந்தால் சோதனைக்கு 26, 27, 28 என மூன்று நாள்தான். 'கொஞ்சம் லேட்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது இதுதான்.

ஸ்டோர் ஆள் ஒருவர் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தபோது 145 போனது. இருவர் உட்கார்ந்தால் 190 என்று வைத்துக்கொண்டோம். மார்ச் 3 திங்கள் காலை மீதி 2,000 இருக்கும். 3 முதல் 14 வரை ஞாயிறு நீங்கலாக 11 வேலை நாள், 11 × 190 = 2,090. அரை நாள்தான் மிச்சம். அந்த அரை நாளையும் அறிக்கையில் எழுதினோம். மறைத்தால் ஸ்பான்சர் வசதியாக இருக்கிறது என்று நினைத்து ஆளை இரண்டு நாள் கழித்து அனுப்பக்கூடும். செலவு: ஸ்டோரில் அவர்கள் இடத்தை நிரப்ப இரண்டு தற்காலிக ஆட்கள், நாளுக்கு ரூ.900, 11 நாள். ரூ.19,800.

பணம்: செலவானதைச் சொல்வது போதாது

குறிப்பில் இருந்தது 'இதுவரை 11.4 லட்சம், 63 சதவீதம்'. இது கணக்குப்பிள்ளைக்கு வேண்டிய எண். ஸ்பான்சருக்கு வேண்டியது, எல்லாம் முடியும்போது எவ்வளவில் நிற்கும் என்பது. வர வேண்டிய பில்களைக் கூட்டினால் ரூ.17,85,000, அக்சஸ் பாயின்ட் இதில் அடக்கம். புதிய 19,800-ஐச் சேர்த்தால் ரூ.18,04,800. ஒப்புதல் 18 லட்சம். 4,800 தாண்டுகிறது. தொகை சின்னது என்று விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. விடவில்லை. தாண்டுகிறது என்பதை அவர் நம்மிடமிருந்து கேட்க வேண்டும், மே மாதம் கணக்குப் பிரிவிடமிருந்து அல்ல.

நிறம்: பச்சையா, மஞ்சளா, சிவப்பா

முந்தைய வாரங்களில் எல்லாம் பச்சை. எல்லாரும் உழைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் பச்சை. இப்போது விதியை எழுதி வைத்தோம். கணக்கிட்ட முடிவு நாள் திட்ட நாளுக்குள் இருந்தால் பச்சை. தாண்டுகிறது, ஆனால் இன்ன முடிவு கிடைத்தால் திரும்பப் பிடிக்கலாம் என்றால் மஞ்சள். எந்த முடிவாலும் பிடிக்க முடியாது என்றால் சிவப்பு. மஞ்சள் போட்டால் பக்கத்திலேயே அந்த முடிவு என்ன என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் வெறும் பயமுறுத்தலாகிவிடும். இந்த விதிப்படி முந்தைய வாரமே மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

'ஆள் தர மாட்டேங்கிறாங்க' என்ற வரி

இதை அப்படியே அனுப்பினால் கணக்குப் பிரிவுத் தலைவரை அவர் முதலாளியிடம் போட்டுக்கொடுத்ததாகும். அடுத்த வாரக் கூட்டத்தில் அவரிடமிருந்து உண்மை எண் வராது. வரியை நிகழ்வாக மாற்றினோம்: 'இருவரில் ஒருவர் மார்ச் இறுதிவரை தணிக்கை வேலையில் இருக்கிறார்.' அனுப்பும் முன் அந்த வரியைக் கணக்குத் தலைவரிடமும், ஆள் கேட்கும் வரியை ஸ்டோர் பொறுப்பாளரிடமும் காட்டினோம். ஸ்டோர் பொறுப்பாளர் ஒன்று திருத்தினார். மூன்று பேர் என்று முதலில் எழுதியிருந்தோம். மூன்று பேரை எடுத்தால் சரக்கு இறக்க ஆள் இருக்காது என்றார். அதனால்தான் இரண்டு. பதினைந்து நிமிடம் பிடித்தது. கேட்காமல் அனுப்பியிருந்தால் இயக்குநர் அவரை அழைத்துக் கேட்டிருப்பார், அவர் முடியாது என்றிருப்பார், இன்னொரு வாரம் போயிருக்கும்.

ஆபத்து ஆறும் ஒன்றானது

'ஆ' என்று குறித்த ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இது நடந்தால் ஏப்ரல் 1 நகருமா? பயிற்சிக்கு 14 பேரில் 3 பேர் வரவில்லை. மார்ச் 8-ல் அடுத்த வகுப்பு இருக்கிறது, நகராது. வைஃபையும் நகர்த்தாது. மென்பொருள் நிறுவனத்தின் ஆலோசகர் மாறுவது மட்டும் தேறியது. இ-இன்வாய்ஸ் அமைப்பை அவர் ஒருவர்தான் செய்தார். ஏப்ரல் 1-ல் அது உடைந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் அரசுத் தளம் தரும் பதிவு எண்ணான ஐ.ஆர்.என் வராது, ஐ.ஆர்.என் இல்லாமல் மற்ற வணிகர்களுக்குப் பில் போட முடியாது, சரக்கு வெளியே போகாது.

போன வடிவம்

> பொருள்: முடிவு தேவை, சனி மாலை 5-க்குள்: ஸ்டோரில் 2 பேர், 11 நாள்
>
> நிலை: மஞ்சள். ஏப்ரல் 1 தொடக்கத்தைக் காப்பாற்றலாம், கீழே உள்ள முடிவு கிடைத்தால்.
>
> தேவையான முடிவு: ஸ்டோரிலிருந்து 2 பேர், மார்ச் 3 முதல் 14 வரை, பொருள் பட்டியல் சரிபார்ப்புக்கு. பதில் ஆட்களுக்கு ரூ.19,800. ஸ்டோர் பொறுப்பாளர் சம்மதித்துவிட்டார்.
>
> ஏன்: 6,400 பொருளில் 4,200 முடிந்தது (பிப்ரவரி 27 மாலை). இருவரில் ஒருவர் மார்ச் இறுதிவரை தணிக்கை வேலையில் இருக்கிறார். இந்த வேகத்தில் மார்ச் 25. திட்டம் மார்ச் 14. பயனர் சோதனைக்கு 2 வாரத்துக்குப் பதில் 3 நாள் மிஞ்சும். 2 பேர் வந்தால் மார்ச் 14, அரை நாள் மட்டுமே மிச்சம்.
>
> மாற்று வழி: இரண்டு ஆண்டாக அசையாத 1,200 பொருளைப் பிறகு ஏற்றலாம். செலவில்லை; ஆனால் தொடக்க இருப்பு இரண்டு மென்பொருளில் பிரிந்து நிற்கும். பரிந்துரைக்கவில்லை.
>
> பணம்: ஒப்புதல் ரூ.18,00,000. முடிவில், மேலே உள்ளதையும் சேர்த்து, ரூ.18,04,800.
>
> முடிந்தது: இ-இன்வாய்ஸ் சோதனை, 40 பில்லுக்கும் ஐ.ஆர்.என் வந்தது.
>
> கவனிப்பில்: மென்பொருள் ஆலோசகர் மார்ச் 3-ல் மாறுகிறார். இ-இன்வாய்ஸ் அமைப்பை எழுத்தில் வாங்க மார்ச் 5 கெடு. பொறுப்பு திட்ட மேலாளர்.

அனுப்பும் முன் இதை ஒரு சாதாரண மொபைலில் திறந்து பார்த்தோம். மெயில் பட்டியலில் பொருள் வரியின் முதல் சில சொற்கள்தான் தெரிகின்றன. முதல் வரைவில் அங்கே 'ஈ.ஆர்.பி திட்டம் வார அறிக்கை எண் 9' என்று இருந்தது. திறக்காதவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 'முடிவு தேவை' முன்னால் வந்தது இதனால்தான். முடிவு எதுவும் தேவைப்படாத வாரத்தில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது, போட்டால் இரண்டே வாரத்தில் அதன் வலு போய்விடும்.

மாற்று வழி வரியை இடம் போதவில்லை என்று ஒருமுறை நீக்கிப் பார்த்தோம். நீக்கியதும் ஸ்பான்சர் கேட்கப்போகும் அடுத்த கேள்வி அதுவாகவே தெரிந்தது: 'ஆள் இல்லாமல் முடியாதா?' அதனால் திரும்பச் சேர்த்தோம். நீக்கியது மென்பொருள் பிழைகளில் எத்தனை மூடப்பட்டன என்ற வரியை.

மொத்த நேரம் 2 மணி 20 நிமிடம், வீணான முதல் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து.

பிறகு நடந்தது, மாற்றிக்கொண்டது

கணக்கு ஓரிடத்தில் பிசகியது. 190 என்ற வேகம் முதல் நாளிலிருந்தே வரும் என்று வைத்திருந்தோம். வந்தவர்களுக்குத் திரை பழகவே மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் நாளுக்கு 140தான். நான்காம் நாள்தான் 190 தொட்டது. மார்ச் 7 அறிக்கையில் மீதி 1,390, முடிவு மார்ச் 15 முற்பகல் என்று எழுதினோம். சோதனை 17-ல் தொடங்குவதில் மாற்றமில்லை என்பதும் அதே வரியில். அந்த அறிக்கையின் முதல் வரி: 'சென்ற வாரம் கேட்ட 2 பேர் திங்கள் காலையே வந்தார்கள்.' கொடுத்த முடிவு என்ன ஆனது என்று சொல்லாமல் அடுத்ததைக் கேட்கக் கூடாது. இனிமேல் புது ஆள் சேரும் கணக்கில் முதல் மூன்று நாளுக்குக் குறைந்த வேகத்தையே போடுகிறோம். ஒரு நாள் சோதனையை வைத்து இரண்டு பேரின் வேகத்தை ஊகிப்பதும் இல்லை.

பெரிய மாற்றம் அறிக்கையில் அல்ல, அதற்கு முந்தைய கட்டத்தில். பிரிவுக்காரர்களிடம் 'நிலவரம் சொல்லுங்க' என்று கேட்பதை நிறுத்தினோம். வியாழன் மாலை 4 மணிக்குள் மூன்று பதில் மட்டும் வாட்ஸாப்பில்: மொத்தத்தில் எத்தனை முடிந்தது (சதவீதம் வேண்டாம்), இந்த வேகத்தில் எந்தத் தேதியில் முடியும், உங்கள் கைக்கு மீறி எது நிற்கிறது. கூட்டத்தில் மற்றதைப் பேசிக்கொள்ளலாம். மூன்றாவது வாரத்தில் அறிக்கை 35 நிமிடத்தில் முடிந்தது. அதில் 15 நிமிடம் இன்னமும் பெயர் அடிபடுகிறவர்களிடம் காட்டி வாங்கும் சம்மதத்துக்குப் போகிறது. அதைக் குறைக்கப்போவதில்லை.

எண்ண முடியாத வேலைக்கு இந்த வழி அவ்வளவாக ஒத்துவரவில்லை. பயனர் சோதனை தொடங்கியதும் 'எத்தனை முடிந்தது' என்பதற்குச் சோதனைகளின் எண்ணிக்கையைப் போட்டோம். எளிதான சோதனைகள் முதலில் முடிந்ததால் வேகம் பொய்யாக உயர்ந்து காட்டியது. அடுத்த முறை விற்பனை பில், திரும்பி வந்த சரக்கு, மாத இறுதிக் கணக்கு என்று சோதனைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கடினமானவற்றின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் போடுவதாக இருக்கிறோம்.